கோடைக்கு முன்னே மோட்டார், மழைக்கு முன்னே மொட்டை மாடி
சிறிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஓராண்டுப் பராமரிப்பு நாட்காட்டி

மோட்டார் ஓடாத அன்றைக்குத்தான் மெக்கானிக்கைத் தேடுகிறோம். செப்டிக் டேங்க் பொங்கி வழிந்த பிறகுதான் லாரிக்கு போன் போடுகிறோம். தனி வீடு என்றால் வீட்டுக்காரர் எப்படியாவது பார்த்துக்கொள்வார். ஆறு, எட்டு வீடுகள் சேர்ந்திருக்கும் சிறிய அடுக்குமாடியில் "யாராவது பார்த்துப்பாங்க" என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுகிறார்கள். பெரிய குடியிருப்புகளில் இதற்கென்று மேலாளர், எலக்ட்ரீஷியன், பிளம்பர் எல்லோரும் இருப்பார்கள். சின்னக் கட்டடத்துக்கு அந்த வசதி கிடையாது. அங்கே அந்த வேலையை ஒரு நாட்காட்டிதான் செய்ய வேண்டும்.

தருமபுரி மாவட்டம், பாலக்கோடு வட்டத்தில் உள்ள மாரண்டஹள்ளி பேரூராட்சியை மனதில் வைத்து அப்படி ஒரு நாட்காட்டியைப் போட்டுப் பார்ப்போம். கணக்குக்கு ஒரு கட்டடம் வேண்டும். தரைத்தளமும் இரண்டு மாடிகளும், தளத்துக்கு இரண்டு வீடு, ஆக மொத்தம் ஆறு வீடுகள், 24 பேர் என்று வைத்துக்கொள்வோம். பொதுவாக இருப்பவை: ஒரு போர்வெல், 5,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி, குடிநீருக்குத் தனியாக ஒரு சம்ப், ஒரு செப்டிக் டேங்க், மழைநீர் சேகரிப்புக் குழி, மாடிப்படி விளக்குகள். லிஃப்ட் இல்லை. உங்கள் கட்டடமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

வேலையை மாதத்தோடு கட்டுங்கள்

ஜனவரியில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று என்று வேலைகளைச் சும்மா பிரித்துப் போடுவது நாட்காட்டி ஆகாது. எந்த வேலையை எந்த மாதம் செய்தால் பலன் கிடைக்கும் என்பதை வெயிலும் மழையும்தான் முடிவு செய்கின்றன. தருமபுரி மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் இடியோடு கோடை மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட காலம்.

ஆகவே செப்டிக் டேங்க், மொட்டை மாடி விரிசல் போன்ற வேலைகளை வறண்ட மாதங்களில் முடிக்க வேண்டும். போர்வெல் நீர்மட்டம் இறங்குவதற்கு முன் மோட்டாரைப் பார்க்க வேண்டும். மழைநீர்க் குழாய்களை ஒவ்வொரு பருவமழைக்கும் முன்பாகச் சுத்தம் செய்ய வேண்டும். இந்த மூன்றையும் வைத்தே முழு நாட்காட்டியையும் போட்டுவிடலாம்.

ஜனவரி: பொங்கலோடு தொட்டி சுத்தம்

போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறோம். அதே வாரத்தில் மேல்நிலைத் தொட்டியையும் சம்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த சுத்தம் ஜூலையில். ஆண்டுக்கு இரண்டு முறை போதும்.

முதல் நாள் இரவே தொட்டியில் தண்ணீர் குறையட்டும். காலையில் உள்வரும் வால்வை மூடிவிட்டு, மீதித் தண்ணீரை அடியில் உள்ள வாஷ் அவுட் குழாய் வழியே வெளியேற்றுங்கள். சுவரைத் தேய்க்காமல் தண்ணீரை மட்டும் மாற்றினால் அது சுத்தம் ஆகாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் விளிம்பை ஒட்டிய சுவரில்தான் முட்டையிடுகிறது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டைகள் பல மாதங்கள் காய்ந்தபடியே உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். அதனால் நான்கு பக்கச் சுவரையும் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்க்க வேண்டும். சோப்பு, ஆசிட் எதுவும் வேண்டாம்.

தொட்டி நிரம்பியதும் 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்ற அளவில் பிளீச்சிங் பவுடர் சேர்க்க வேண்டும். 5,000 லிட்டர் தொட்டிக்கு 20 கிராம். பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு, மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் குழாயைத் திறக்க வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருந்தால் அளவு சரி. இதைப் பார்க்கும் சிறிய சோதனைப் பெட்டி பேரூராட்சிக் குடிநீர்ப் பணியாளர்களிடம் இருக்கும். பவுடர் பழசாகி, வாடையே இல்லாமல் இருந்தால் அதில் வீரியம் போய்விட்டது என்று அர்த்தம்.

சம்ப்புக்குள் ஆள் இறங்குவதற்கு முன் மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸையும் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்து சிறிது நேரம் காற்றோட்டம் விட்ட பிறகே இறங்க வேண்டும். ஒருவர் கட்டாயம் மேலே நிற்க வேண்டும்.

இரண்டு தண்ணீரையும் கலக்காதீர்கள்

இது நம் மாவட்டத்துக்கே உரிய விஷயம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரி நீரைச் சுத்திகரித்து நம் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறார்கள். அதைப் பல கட்டடங்களில் போர்வெல் தண்ணீர் இருக்கும் சம்ப்பிலேயே விட்டு, ஒரே தொட்டிக்கு ஏற்றிவிடுகிறோம். அப்படிக் கலந்தால் அந்தத் திட்டத்தின் பலன் நம் வீட்டுக் குழாய்க்கு வந்து சேராது.

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம். அதற்கு மேல் பல ஆண்டுகள் குடித்தால் பல்லில் கறை படியும், பிறகு எலும்பையும் பாதிக்கும். நிரந்தரப் பற்கள் உருவாகும் வயதில், அதாவது சுமார் எட்டு வயது வரை உள்ள குழந்தைகளுக்குத்தான் பல் பாதிப்பு வரும். அப்படி வந்த கறை பிறகு தேய்த்தாலும் போகாது. "கொதிக்க வெச்சுத்தானே குடிக்கிறோம்" என்று இருக்காதீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி, மிஞ்சிய நீரில் அதன் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

எனவே ஜனவரியில் தொட்டி சுத்தம் செய்யும்போதே குழாய் இணைப்புகளையும் பின்தொடர்ந்து பாருங்கள். கூட்டுக் குடிநீர் தனி சம்ப்பில் விழுகிறதா? சமையலறையில் அதற்கென்று தனிக் குழாய் இருக்கிறதா? இரண்டு லைனையும் இணைக்கும் வால்வு எங்காவது திறந்து கிடக்கிறதா? குடிநீர்க் குழாய்க்கு நீல நிறம் பூசிவிட்டால் புதிதாக வரும் பிளம்பருக்கும் குழப்பம் வராது.

தண்ணீர்ப் பரிசோதனையையும் நாட்காட்டியில் எழுதுங்கள். ஃபுளோரைடு உள்ளிட்ட வேதியியல் சோதனை ஆண்டுக்கு ஒரு முறை. கிருமிச் சோதனை இரண்டு முறை, மழைக்கு முன்பும் மழைக்குப் பின்பும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக்கூடத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். கிருமிச் சோதனைக்கு அங்கே கொடுக்கும் பாட்டிலில்தான் மாதிரி எடுக்க வேண்டும், அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடவும் வேண்டும்.

பிப்ரவரி: செப்டிக் டேங்க்

செப்டிக் டேங்க் நிரம்பும் வரை காத்திருக்கக் கூடாது. அடியில் சேறு கூடக் கூட, மேலே கழிவுநீர் தங்கித் தெளிவதற்கான இடம் குறைகிறது. தெளியாத நீர் உறிஞ்சுகுழிக்குப் போய் அதன் மண்ணை அடைத்துவிடுகிறது. அப்புறம் டேங்க்கை எத்தனை முறை காலி செய்தாலும் சில நாளில் மறுபடி பொங்கும். உறிஞ்சுகுழியையே புதிதாகப் போட வேண்டி வரும்.

அளந்து பார்ப்பது சுலபம். ஒரு நீளமான கம்பின் கீழ்ப்பகுதியில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டி, மூடித் துவாரம் வழியே அடி வரை விட்டு, சில நிமிடம் கழித்து மெதுவாக எடுங்கள். கறுப்பாகச் சேறு ஒட்டியிருக்கும் உயரம் துணியில் தெரியும். நீரின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சேறு எட்டிவிட்டால் எடுத்தாக வேண்டும். நம் கட்டடத்தில் நீர் ஆழம் ஒன்றரை மீட்டர் என்றால், அரை மீட்டர்தான் எல்லை. அளக்கவில்லை என்றாலும் இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை எடுத்துவிடுவது நல்லது. பிப்ரவரி என்பதற்குக் காரணம், தரை காய்ந்திருக்கும், லாரி உள்ளே வர முடியும், மழைக்கு முன் உறிஞ்சுகுழியும் வற்றியிருக்கும்.

அளக்கும்போது துவாரத்துக்கு மேல் குனியாதீர்கள், தீக்குச்சி கொளுத்தாதீர்கள். உள்ளே எரியக்கூடிய மீத்தேனும், நொடியில் மயக்கமடையச் செய்யும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும். ஒருவர் மயங்கி விழ, அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் இறந்துபோன செய்திகளை நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். எந்தக் காரணத்துக்காகவும் மனிதரை உள்ளே இறக்கக் கூடாது. 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய ஆளை ஈடுபடுத்தினால் முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிர் போனால் வழக்கு இன்னும் கடுமையாகும். "அவரே இறங்கிக்கறேன்னு சொன்னாரு" என்பது பதில் ஆகாது. உள்ளாட்சி அமைப்பின் உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை மட்டும் அழையுங்கள். இதற்கான கட்டணமில்லா எண் 14420.

டேங்க்கின் காற்றுப்போக்கிக் குழாயின் நுனியில் நைலான் வலை கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கிழிந்திருந்தால் அதுதான் உங்கள் கட்டடத்துக் கொசுக்களின் வாசல்.

மார்ச்: மோட்டார் சொல்வதைக் கேளுங்கள்

நீர்மூழ்கி மோட்டார் திடீரென்று எரிவது குறைவு. பெரும்பாலும் பல வாரங்கள் முன்பே அடையாளம் காட்டும். அதைப் பிடிக்க இரண்டு எண்கள் போதும்: தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது, கன்ட்ரோல் பாக்ஸில் ஆம்பியர் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது. மாதம் ஒரு முறை, ஒரே தேதியில், தொட்டியின் ஒரே அளவிலிருந்து இந்த இரண்டையும் குறித்து, மீட்டரை ஒரு போட்டோவும் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள்.

நம் கட்டடத்தில் ஜனவரியில் தொட்டி நிரம்ப 70 நிமிடம் ஆனது, மார்ச்சில் 90 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஆம்பியரைப் பாருங்கள். ஆம்பியரும் குறைந்திருந்தால் போர்வெல்லில் நீர்மட்டம் இறங்கியிருக்கலாம், மோட்டார் பாதி காற்றை இழுக்கிறது. ஓட்டும் நேரத்தைக் காலை, மாலை என்று பிரிக்க வேண்டும், அல்லது மோட்டாரை இன்னும் ஆழத்துக்கு இறக்க வேண்டும். ஆம்பியர் கூடியிருந்தால் மணல் சிக்கியிருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது மின்னழுத்தம் குறைந்திருக்கலாம். அப்படியே ஓட்டினால் காயில் எரியும். ஆம்பியர் மாறாமல் நேரம் மட்டும் கூடினால், குழாயில் எங்கோ கசிவு. மோட்டாரை அணைத்ததும் குழாயில் தண்ணீர் திரும்பி இறங்கும் சத்தம் கேட்டால், திரும்பா வால்வு போய்விட்டது.

ஒன்றரை குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் எடுக்கும். தினமும் 20 நிமிடம் கூடுதலாக ஓடினால் அரை யூனிட், இரண்டு மாத பில்லில் 30 யூனிட். பில் தொகையைவிட மோட்டாரின் ஆயுள்தான் பெரிய நஷ்டம். தண்ணீர் இல்லாமல் ஓடும்போது தானாக நிறுத்தும் பாதுகாப்பு உங்கள் கன்ட்ரோல் பாக்ஸில் இல்லையென்றால், கோடைக்கு முன் பொருத்திவிடுங்கள்.

பொதுப் பயன்பாட்டு மின் பில்லையும் இந்த மாதம் எடுத்துப் பாருங்கள். 10 வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிகளுக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளின் பொது இணைப்புக்கு 2023-இல் தமிழ்நாடு அரசு கட்டணத்தை யூனிட்டுக்கு 8 ரூபாயிலிருந்து 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தது. பிறகு கட்டணங்கள் திருத்தப்பட்டிருந்தாலும் இந்தச் சலுகைப் பிரிவு தனியாக இருக்கிறது. உங்கள் இணைப்பு எந்தப் பிரிவில் இருக்கிறது என்பது பில்லிலேயே இருக்கும். சந்தேகம் இருந்தால் பிரிவு அலுவலகத்திலோ, மின்னகம் எண் 94987 94987-இலோ கேட்கலாம்.

ஏப்ரல்: எர்த்

இடி மழை தொடங்கும் முன் எர்த் குழியைச் சோதிக்க வேண்டும். வறண்ட மண்ணில்தான் எர்த் மிகவும் பலவீனமாக இருக்கும். மழைக்காலத்தில் அளந்தால் எல்லாம் சரி என்று காட்டிவிடும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லி, அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாக 5 ஓமுக்குள் இருக்க வேண்டும். மின்கசிவு தடுப்பானில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். உடனே மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கவில்லை என்றால் அது வெறும் பெட்டி, மாற்றிவிடுங்கள்.

மே இறுதியும் செப்டம்பர் இறுதியும்: மொட்டை மாடி

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பலருடைய வீட்டில் குழி இருக்கிறது, ஆனால் தண்ணீர் இறங்குவதில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். நம் கட்டடத்தின் மாடி 200 சதுர மீட்டர், ஆண்டு மழை 850 மில்லிமீட்டர். ஆவியாவது, சிதறுவது போக 80 சதவீதம் கிடைத்தாலும் 1,36,000 லிட்டர். ஆள் ஒன்றுக்கு 135 லிட்டர் என்றால் 24 பேருக்கு நாளைக்கு 3,240 லிட்டர். ஆக, ஆறு வீடுகளின் 40 நாள் தேவைக்கு மேலான தண்ணீர் அது.

செய்ய வேண்டியது இதுதான். மாடியைக் கூட்டி, வடிகால் வாயிலின் வலையைச் சுத்தம் செய்து, சேகரிப்புக் குழியின் மேல் அடுக்கு மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவிப் போடுங்கள். பிறகு இரண்டு பக்கெட் தண்ணீரை மாடியில் ஊற்றிப் பாருங்கள். குழியில் தண்ணீர் தேங்கி நிற்காமல் இறங்கினால் சரி.

மழைக்காலத்தில் மேல்மாடிக் கூரையில் ஈரத்தடம் தெரிந்தால் உடனே பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, தேதி எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள். சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டால் பிப்ரவரியில் கொத்தனாருக்கு எங்கே ஓட்டை என்று காட்ட முடியாது. ஈரமான தளத்தில் பூசும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு ஒட்டாது. அதனால் மழைக்காலத்தில் கவனிக்க வேண்டும், வறண்ட காலத்தில் பழுது பார்க்க வேண்டும்.

அக்டோபரை ஒட்டி வரும் ஆயுத பூஜைக்கு மீட்டர் அறையையும் மோட்டார் பெட்டியையும் எப்படியும் துடைப்போம். அன்றைக்கே தளர்ந்த வயர்கள், கருகிய முனைகள் ஏதும் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடலாம்.

போனில் ஏற்றிவிடுங்கள்

ஒரே பார்வையில் பார்த்தால்:

- ஜனவரி: தொட்டி, சம்ப் சுத்தம், குழாய் இணைப்புச் சோதனை, மழைக்குப் பிந்தைய கிருமிச் சோதனை
- பிப்ரவரி: செப்டிக் டேங்க் அளவு, மாடி விரிசல் பழுது
- மார்ச்: மோட்டார், பொது மின் பில்
- ஏப்ரல்: எர்த், ஃபுளோரைடு உள்ளிட்ட வேதியியல் சோதனை
- மே இறுதி: மாடி, மழைநீர்க் குழி, மழைக்கு முந்தைய கிருமிச் சோதனை
- ஜூலை: இரண்டாம் முறை தொட்டி சுத்தம்
- செப்டம்பர் இறுதி: மாடி, மழைநீர்க் குழி மறுபடியும்
- அக்டோபர்: மீட்டர் அறை, வயரிங்
- டிசம்பர்: கணக்கு, அடுத்த ஆண்டுத் தொகை
- மாதம் தோறும்: மோட்டார் நேரம், ஆம்பியர், மின்கசிவு தடுப்பான்
- வாரம் ஒரு நாள்: தேங்கிய நீரைக் கவிழ்ப்பது, தொட்டி மூடி

போனில் உள்ள காலண்டர் செயலியில் ஒவ்வொன்றையும் "ஆண்டுதோறும்" என்று பதிந்து, ஒரு வாரம் முன்பு நினைவூட்டும்படி வைத்துவிடலாம். ஒவ்வொரு வேலைக்கும் எதிரில் ஒரு வீட்டின் எண்ணை எழுதுங்கள். "சங்கம் பார்க்கும்" என்று எழுதினால் யாருமே பார்க்க மாட்டார்கள்.

பணத்தையும் இதே முறையில் பிரிக்க வேண்டும். சில ஆண்டுக்கு ஒரு முறை வரும் பெரிய செலவை ஆண்டுக் கணக்காக்குங்கள். கணக்குக்காகச் சொன்னால், செப்டிக் டேங்க் மூன்றாண்டுக்கு 6,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,000. மாடிப் பூச்சு நான்காண்டுக்கு 24,000 என்றால் ஆண்டுக்கு 6,000. மோட்டார் ஆறாண்டுக்கு 30,000 என்றால் 5,000. தொட்டி சுத்தம் 4,000, மின்வேலை 4,000, தண்ணீர்ச் சோதனை 2,000, சில்லறை 2,200. மொத்தம் 25,200. ஆறு வீடு, 12 மாதம் என்று வகுத்தால் வீட்டுக்கு மாதம் 350 ரூபாய். மின் பில்லும் துப்புரவுக் கூலியும் தனி. உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்து, அந்தத் தொகையைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வையுங்கள். அப்படி இருந்தால் மோட்டார் எரிந்த அன்றைக்கு வீடு வீடாக 5,000 ரூபாய் கேட்டு நிற்க வேண்டியிருக்காது.